வந்து போன பத்துக் கோடி

எங்கள் கூட்டுறவு வங்கித் தலைவருக்கு ஒரு சபலம் உண்டு. மார்ச் முப்பத்தொன்றாம் தேதி எவ்வளவு டெபாசிட் இருந்தது என்பது ஆண்டறிக்கையில் கொட்டை எழுத்தில் வரவேண்டும், பக்கத்தில் அவர் படமும் வரவேண்டும். போன வருஷத்தைவிடப் பத்துக் கோடி குறைகிறது என்று நான் சொன்ன அன்று மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. சம்பந்தக்காரர், நகைக்கடைக்காரர் என்று பத்துப் பேரைப் பிடித்தார். தலைக்கு ஒரு கோடி. ரெண்டு நாள் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ளலாம்.

நான் அங்கே அக்கவுண்டன்ட். டெபாசிட்டில் ஒரு பங்கை ஒதுக்கி வைக்கிற கணக்கு என் தலையில். நூறு ரூபாய் வந்தால் மூன்று ரூபாயைப் பணமாகவே வைக்கவேண்டும். வட்டி ஒரு சல்லி தேறாது. அது ரொக்க இருப்பு விகிதம். இன்னும் பதினெட்டு ரூபாய் பெரும்பாலும் அரசுப் பத்திரங்களில் கிடக்கவேண்டும். அது சட்டப்படியான இருப்பு விகிதம். மிச்சத்தில்தான் கடன். குறைந்தால் ரிசர்வ் வங்கி அபராதம் போடும்.

இதில் ஒரு சங்கதி உண்டு. இன்றைய டெபாசிட்டுக்கு இன்றே ஒதுக்குவதில்லை. மார்ச் கடைசி நாளில் இருந்த டெபாசிட்டை வைத்து, ஏப்ரல் பதினாறு முதல் முப்பது வரை ஒதுக்கவேண்டும். தலைவரிடம் சொன்னேன்.

"ஓய், ரெண்டாந்தேதி பணம் போயிரும். போன பணத்துக்கு எவனாவது பூட்டு போடுவானா?"

"நாம போடணும். ரெண்டு கோடியே பத்து லட்சம், நம்ம கடன் குடுக்குற காசுல இருந்து."

"பாத்துக்கிடலாம் வே. உமக்கு எப்பவும் இழவு வீட்டுப் பேச்சுதான்."

எழுதியே கொடுத்தேன். ஃபைலில் பத்திரமாக இருக்கிறது. எழுதிக் கொடுத்ததோடு என் கடமை முடிந்தது என்று நினைத்தேன் பாருங்கள், அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

பத்துப் பேரில் ஒருவர் அருமனை ஊர் ரப்பர் ஷீட் வியாபாரி. அவர் கொண்டு வந்தது சொந்தப் பணம் இல்லை. குடும்ப நிலத்தை விற்று, கூடப்பிறந்த நாலு பெண்களுக்கும் பங்கு வைக்க இருந்த பணம். எங்களிடம் இருபது லட்சம் கடன் கேட்டிருந்தார். ஒரு ரப்பர் தோட்டத்தைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுக்க மூன்று லட்சம் முன்பணம் கொடுத்திருந்தார். ஏப்ரல் இருபதுக்குள் மீதியைக் கட்டாவிட்டால் தோட்டமும் இல்லை, முன்பணமும் இல்லை. "இந்த உதவிய செய்யும், உம்ம லோனு நம்ம பொறுப்பு" என்றார் தலைவர். டெபாசிட் ஸ்லிப்பை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். காப்பியும் வாங்கிக் கொடுத்தேன்.

ரெண்டாம் தேதி பத்துப் பேரும் பணத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். வியாபாரி அன்றைக்கே பங்கைப் பிரித்துக் கொடுத்துவிட்டார். யோக்கியர், என்ன செய்ய! பத்தாம் தேதி அவருடைய கடனுக்கான சொத்துப் பத்திரங்களை வக்கீல் சரிபார்த்து அனுப்பினார். அன்றைக்குத்தான் எங்கள் கையில் இருந்த பணத்தையெல்லாம் திரட்டி அரசுப் பத்திரம் வாங்க ஆரம்பித்தோம். மே பிறக்கும்வரை புதுக் கடன் பட்டுவாடா கிடையாது என்று உத்தரவு. அதில் கையெழுத்துப் போட்டது தலைவர்.

மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார் வியாபாரி.

"எனக்க பணத்தத்தான் நான் எடுத்துட்டேனே சாரே. பின்ன எதுக்கு இப்ப ஒதுக்குதிய?"

"அன்னைக்கு இருந்துதுல்லா. அந்த ஒரு கோடிக்கு இருபத்தொரு லட்சம் ஒதுக்கணும்."

விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். "நான் கேட்டதே இருபதுதானே?"

தலைவரைக் கேளும் என்று அவர் அறையைக் காட்டினேன். தலைவர் அன்றைக்குக் குளச்சலில் ஏதோ கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

இருபதாம் தேதி போயிற்று. தோட்டத்தை வேறொருவர் எடுத்தார். மூன்று லட்சம் திரும்பவில்லை. மே மாதம் எங்கள் ஒதுக்கீடு பழைய அளவுக்கு இறங்கிற்று. கை தாராளமானதும் நானே அவரை ஃபோனில் கூப்பிட்டேன், லோன் ரெடி என்று. எனக்கு வெட்கமே இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

வந்தார். கடன் வேண்டாம், கணக்கை முடிக்கவேண்டும் என்றார். ஒரு கோடி ரெண்டு நாள் கிடந்ததற்கு வட்டி ஆயிரத்துச் சொச்சம் இருந்தது. அதோடு, அதிக டெபாசிட் தந்தவர்களுக்கென்று தலைவர் வாங்கி வைத்திருந்த பொன்னாடையையும் எடுத்துக் கொடுக்கச் சொல்லி எனக்கு உத்தரவு. கொடுத்தேன். ரூபாயை எண்ணாமல் பையில் போட்டார். பொன்னாடையை மடிப்புக் கலையாமல் என் மேஜையிலேயே வைத்தார்.

"ஒண்ணு கேக்கட்டா சாரே? ஸ்லிப்பு எழுதும்போதே உமக்குத் தெரியும், இல்லியா?"

"தெரியும்" என்றேன்.

"காப்பி குடிக்கும்போது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.