ஒரு தம்ளர் தண்ணீர்

முப்பது ஆண்டுகள் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் நான். ஆவி பற்றிக் கரும்பலகையில் எத்தனையோ முறை படம் போட்டிருக்கிறேன். அந்த ஆவியால்தான் என் மனைவிக்கு ஒரு கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தேன்.

2006-இல் நாங்கள் கடலூரில் இருந்தோம். சிதம்பரத்தில் இருந்த என் மைத்துனி, என் மனைவியின் தங்கை, தன் வீட்டிலேயே இடியாப்பமும் புட்டும் செய்து விற்றுக்கொண்டிருந்தாள். கணவர் இறந்தபின் அதுதான் அவளுக்குப் பிழைப்பு. பெண்கள் விடுதி ஒன்றில் வாரம் மூன்று நாள் காலைச் சிற்றுண்டி கொடுக்க ஆள் தேடினார்கள். முதலில் இருபது தட்டு கொண்டுவரச் சொன்னார் வார்டன். ருசி பார்த்துவிட்டுத்தான் முடிவு. உதவிக்கு நாங்கள் முதல் நாளே போய்விட்டோம். புட்டுக்கான பச்சரிசி மாவை வறுத்தது என் மனைவி.

காலையில் இடியாப்பம் பிரமாதமாக வந்தது. கொதிக்கும் நீரை ஊற்றிப் பிசைந்த மாவு, கையில் ஒட்டாத பதத்தில் இருந்தது. பிழிந்த தட்டுகளை, தண்ணீர் நன்றாகக் கொதித்தபிறகே பானைக்குள் வைத்தாள் மைத்துனி. ஏழெட்டு நிமிடத்தில் சுண்ணாம்பு போல இருந்த இழைகளில் ஒரு மினுமினுப்பு வந்தது. விரலை நனைத்துத் தொட்டாள், ஒட்டவில்லை. இறக்கிவிட்டாள்.

புட்டு மாவுக்கு அவள் ஏற்கெனவே உப்புத் தண்ணீர் தெளித்துப் பிசறி, துணி போட்டு மூடியிருந்தாள். "கால் மணி நேரம் ஊறணும் மாமா, யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுத் தேங்காய்ப்பால் எடுக்கப் போனாள். நான் துணியை விலக்கிப் பார்த்தேன். மேலே வறண்டு, பொலபொலவென்று கிடந்தது. இவ்வளவு காய்ந்த மாவு எப்படி வேகும் என்று என் படிப்பு கேட்டது. ஒரு தம்ளர் தண்ணீர் தெளித்துக் கிளறி, மறுபடி மூடிவிட்டேன்.

விடுதிக்கு நேரமாகிவிட்டதால், திரும்பி வந்தவள் பதம் பார்க்காமலே மாவைத் துணியில் கொட்டி இட்லிப் பானையில் வைத்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "பத்து நிமிஷம் ஆச்சு, எறக்கு" என்றேன்.

அவள் ஈர விரலால் தொட்டாள். களி போல ஒட்டியது. இன்னும் ஐந்து நிமிடம் வைத்தாள், பிறகு இன்னும் ஐந்து. அடைத்துக்கொண்ட மாவுக்குள் ஆவி ஏறவே இல்லை. கட்டியை உடைத்தால் நடுவில் பச்சை மாவு. மிச்ச மாவை ஒரு பிடி எடுத்து அழுத்தினாள். பிடித்தால் நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அது உருண்டையாகவே கிடந்தது. சேர்ப்பதற்கு வறுத்த மாவும் மீதி இல்லை.

"எப்பவும் ஊத்துற தண்ணிதான் ஊத்துனேன். யாராவது தொட்டீங்களா?"

"மாவு சரியா வறுபடலையோ என்னவோ" என்றேன். எப்படித்தான் வாயில் வந்ததோ.

மைத்துனி அக்காவைப் பார்த்தாள். "பேச்சு மும்முரத்துல வறுத்திருப்ப. சீரியல் கதையெல்லாம் சொன்னியே."

"விரல் இடுக்குலேர்ந்து கோலம் போட்டாப்புல மாவு விழுற வரைக்கும் வறுத்தேன்டி" என்றாள் என் மனைவி.

"விழுந்திருக்கும், விழுந்திருக்கும்."

வேறு வழியில்லாமல் அந்தப் புட்டையும் கொண்டுபோனாள். விடுதியில் இடியாப்பத்தைச் சாப்பிட்டுவிட்டு இன்னும் இரண்டு கேட்டார்களாம். புட்டை ஒரு வாய்க்கு மேல் தொடவில்லை. இடியாப்பம் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டார் வார்டன்.

அதன்பின் மைத்துனி என் மனைவியை வறுக்க விட்டதே இல்லை. போகும்போதெல்லாம், "அக்கா, நீ உக்காரு, உன் வறுவல் உலகப் பிரசித்தம்" என்பாள். சிரிப்பார்கள். என் மனைவியும் சிரிப்பாள். ஆனால் வீட்டில் புட்டு செய்வதையே அவள் விட்டுவிட்டாள். நானும் ஏன் என்று கேட்கவில்லை. ஐந்து வருடம் அப்படியே போனது.

2011-இல் ஒரு நாள் அவர்கள் வீட்டு அடுக்களையில் மறுபடி அதே கேலி. என் மனைவி இந்த முறை சிரிக்காமல் எழுந்து பின்கட்டுக்குப் போனாள். நான் அவளைக் கூப்பிட்டு, இருவர் எதிரிலும் சொல்லிவிட்டேன்.



"ஒரு தம்ளரா?" என்றாள் மைத்துனி.

"பெரிய தம்ளர்."

"ஏங்க, அஞ்சு வருஷமா இத வெச்சுக்கிட்டு எப்படிங்க தூங்குனீங்க?" என்றாள் என் மனைவி. அவள் கண் கலங்கியிருந்தது. வாய் மட்டும் சிரித்தது. எனக்கு அது திட்டு வாங்கியதைவிட வலித்தது.

மைத்துனி வாணலியை எடுத்து அக்கா கையில் கொடுத்தாள். "நீ வறு. மாமா, நாளைக்கு நீங்களே தூக்கிட்டுப் போயி அந்த வார்டம்மாகிட்ட நடந்ததச் சொல்லுங்க. என் புட்டுமேல இருக்கற பழி போவணும்."

மறுநாள் புட்டு நிறைந்த தூக்குச்சட்டியோடு ஷேர் ஆட்டோவில் போனேன். அதே வார்டன்தான் இருந்தார். நின்றபடியே, தலைமையாசிரியரிடம் மாட்டிக்கொண்ட மாணவனைப் போல எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் ஒரு பிடி புட்டை உள்ளங்கையில் வைத்து உதிர்த்துப் பார்த்தார். அப்புறம் வாயில் போட்டார். இன்னொரு பிடி எடுத்தார்.

"வியாழக்கிழமை நாப்பது தட்டு குடுக்கச் சொல்லுங்க சார். ஆனா நீங்க அடுப்படிப் பக்கம் போவக்கூடாது."

இன்றுவரை போகவில்லை.