அப்புச்சி கேட்ட புள்ளி

ராசிபுரத்தில் ஒரு ஜவ்வரிசி ஆலையில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர் என் அப்புச்சி, அம்மாவின் அப்பா. சென்னையில் வேலையிலிருந்த எனக்கு ஒருநாள் அவரிடமிருந்து கடிதம் வந்தது. பென்ஷன் கம்பெனி அனுப்பிய வளர்ச்சி வரைபடத்தையும் உள்ளே மடித்து வைத்திருந்தார்.

"சாமி, இதுல கோடு வருசா வருசம் மேல ஏறுது. எனக்கு வர்ற பணம் மூணு வருசமா ஏறவே இல்ல. இத எப்படிப் படிக்கோணும்? இந்தக் கோட்டுல நான் எங்க இருக்கறேன்னு ஒரு புள்ளி வச்சு அனுப்பு" என்று எழுதியிருந்தார்.

புள்ளி வைக்க இடமில்லை. இன்னும் பணம் கட்டிக்கொண்டிருப்பவர்களின் சேமிப்பு வளர்வதைத்தான் அந்தக் கோடு காட்டியது. அப்புச்சியின் சேமிப்பு, அவர் ஓய்வுபெற்றபோதே மாதப் பென்ஷனாக மாறிவிட்டது. ஆண்டுதோறும் கொஞ்சம் கூடும் பென்ஷனும் அப்போது இருந்தது. அதில் தொடக்கத்தில் குறைவாக வரும் என்பதால், ஆயுள் முழுக்க மாறாத தொகையைத் தேர்ந்தெடுத்தோம். படிவத்தை நிரப்பியவன் நான்தான்.

கம்பெனிக்குப் போன் செய்தேன். பென்ஷன் தொடங்கிய பிறகு மாற்ற முடியாது என்றார்கள்.

அப்புச்சியைப் போனில் அழைத்துச் சொன்னேன். "அந்தக் கோடு உங்களுது இல்லீங்க அப்புச்சி. உங்களுக்கு எப்பவும் இதே தொகைதானுங்க."

"அப்புறம் எதுக்குச் சாமி இத எனக்கு அனுப்புனாங்க?" என்றார்.

சாப்பிட்டாரா என்று கேட்டேன்.