லாரிக்கு மாட்டிய விளக்கு

தாம்பரத்தில் கார்களுக்கு ஒயரிங் செய்யும் பாக்கியநாதனுக்கு வாய் நீளம். முதன்முறையாக ஒரு லாரிக்கு அவர் மாட்டிய எல்இடி விளக்குகள் மாலைக்குள் கருகிவிட்டன. அவற்றை வாங்கிய எலக்ட்ரானிக்ஸ் கடைக்கு நேராகப் போய், ஆட்கள் நடுவே கடைக்காரி ஜோதிலட்சுமியிடம் கத்தினார்.

"டூப்ளிகேட் மால் வித்துகினு கீறியாம்மா?"

"ரெசிஸ்டர் எவ்ளோ போட்டீங்கண்ணா?"

"காருக்குப் போடற அதே நானூத்தி எழுபது ஓம்தான் லாரிக்கும்."

சொன்னதுமே அவருக்குச் சுருக்கென்றது. காரில் பன்னிரண்டு வோல்ட். எல்இடி இரண்டு வோல்ட் எடுத்துக்கொண்டால், மீதிப் பத்து ரெசிஸ்டர் மேல் விழும். எல்இடி தாங்குவது இருபது மில்லிஆம்பியர், அதாவது ஒரு ஆம்பியரில் ஐம்பதில் ஒரு பங்கு. பத்தை அதால் வகுத்தால் ஐந்நூறு ஓம். அதையொட்டித்தான் நானூற்றெழுபது. லாரியிலோ இருபத்துநான்கு வோல்ட்! மீதி இருபத்திரண்டுக்கு ஆயிரத்து நூறு ஓமாவது வேண்டும். எல்இடிக்குத் தன் மின்னோட்டத்தைத் தானே அடக்கத் தெரியாது; அதை அடக்கத்தான் ரெசிஸ்டர். இரு மடங்குக்கு மேல் பாய்ந்து கருகியிருக்கிறது.

ஜோதிலட்சுமி அவர் முகத்தைப் பார்த்தாள். புது எல்இடிகளோடு ஆயிரத்து இருநூறு ஓம் ரெசிஸ்டர்களையும் பொட்டலம் கட்டி நீட்டினாள்.

"மால்தான் சரியில்ல போலண்ணா, மாத்திக்கோங்க" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி.

இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். அந்த நீள வாய்க்கு அது வரவில்லை. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி படியிறங்கினார்.