மணிக்கு ஐந்து மில்லி

நான் எட்டாவதோடு நின்றவன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓசூரில் ஒரு சின்னக் கம்பெனி, நோயாளியின் நரம்புக்குள் மருந்தை அளந்து விடும் பம்ப் செய்தது. அதைச் சோதிக்கும் மேஜை என்னுடையது.

மணிக்கு ஐந்து மில்லி என்று வைப்பேன். குமிழி போய் ஓட்டம் நிலைக்கும்வரை குழாய் நுனி ஒரு மக்கில் கிடக்கும். பிறகு எடை போட்ட பீக்கரில், அடியில் இருக்கும் தண்ணீருக்குள் நுனியை மாற்றி வைத்து ஸ்டாப்வாட்சை அழுத்துவேன். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி எடை. கூடியது ஒரு கிராம் என்றால் ஒரு மில்லி. நூற்றுக்கு ஐந்து கூடலாம், குறையலாம். 4.75-லிருந்து 5.25 வரை பாஸ்.

அந்த ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்காது. தண்ணீர் ஏறுவது கண்ணுக்குத் தெரியாது. பம்பின் பச்சை விளக்கு மினுக்கும். ஜன்னலுக்கு வெளியே பாறைக் குன்று வெயிலில் மிதக்கும். நானும் மிதப்பேன்.

பம்பைப் பாகம் பாகமாகப் பூட்டுகிறவர்களில் பாகலூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி. வீட்டில் தெலுங்கு பேசுவாள். அந்த வாரம் அவள் பம்ப் இரண்டு பெயில். 4.68, 4.71. மூன்றாவதும் போனால் அவளைப் பேக்கிங்குக்கே திருப்பி அனுப்புவதாக சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அவள் பம்புகள் எப்போதும் மேஜையின் கடைசி இடத்தில்தான் ஓடும். கோடைக்கு மாட்டிய புது ஃபேன் அதற்கு நேர் மேலே.

மூன்றாவதை வைத்த மதியம், நுனியை மக்கிலிருந்து மாற்ற மறந்துவிட்டேன். ஒரு மணி நேரம் விளக்கைப் பார்த்தபடி இருந்திருக்கிறேன். எடை போட்டபோதுதான் தெரிந்தது. சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார்.

“காத்த அளக்கறியாப்பா?”

அளந்துதான் இருந்தேன். சொட்டுத் தண்ணீர் சேராத பீக்கரில் 0.30 கிராம் குறைந்திருந்தது; ஃபேன் காற்று உறிஞ்சியது. அவரிடம் காட்டினேன். எடையைப் பார்த்துவிட்டுப் போனார்.

பீக்கர் வாயைப் பிளாஸ்டிக் தாளால் மூடி, குழாய்க்கு மட்டும் துளை விட்டேன். ஃபேனை நிறுத்தினேன். மூன்றாவது 4.96. பெயிலான இரண்டையும் மறுநாள் வைத்தேன். 4.98, 5.01. மூன்றும் பாஸ் என்று அவளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

“அப்ப திங்கக்கெழம பாஸ் போட்டீங்களே, அதையும் வெச்சிப் பாருங்கண்ணா.”

அது 5.02 என்று பாஸான அவளுடைய பம்ப். இன்னும் ரேக்கில்தான் இருந்தது.

“பாஸானத எதுக்கும்மா கிளறுற?”

“ஃபேன் எல்லாத்துக்குந்தான சுத்திச்சி.”

அவளே எடுத்து வந்து வைத்தாள். சாப்பிடப் போகாமல் பக்கத்தில் நின்றாள். மூடிய தாளின் உட்புறம் மெல்லப் பனித்தது.

5.31.

பெயில் என்று எழுதினேன். அந்த வாரம் அவள் பேருக்கு அது ஒன்றுதான். பம்பை இடுப்பில் அணைத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனாள். உட்கார்ந்ததும் பின்மூடியைக் கழற்றத் தொடங்கினாள்.