‘இழை’ என்று தேடினால் வாழை இலை வந்தது

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் நான் பிளவுஸ் தைக்கிறேன், புடவைக்கு ஃபால்ஸ் அடித்துத் தருகிறேன். பட்டுப்புடவையை எப்படிப் பாதுகாப்பது என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். அதை வீடியோவாகப் போடலாம் என்று சொன்னவள் என் நாத்தனார். செவிலிமேட்டில் இருக்கிறாள். அவளுடைய போனிலேயே மூன்று வீடியோ எடுத்துவிட்டோம். யூடியூப் சேனலுக்குப் பேர்தான் அமையவில்லை.

எனக்கு ‘இழை’ என்று வைக்க ஆசை. தறியில் உட்கார்ந்திருந்த என் கணவருக்கும் அது பிடித்துப்போனது. நாத்தனார் மட்டும் தயங்கினாள்.

“கேக்க நல்லா இருக்குது அண்ணி. தேடுறவங்களுக்குக் கிடைக்கணுமே.”

அன்று ஃபால்ஸ் அடிக்கப் புடவை கொண்டுவந்த ஒரு வாடிக்கையாளரிடம் பேரைச் சொல்லி, போனில் தேடச் சொன்னோம். அவர் இங்கிலீஷ் எழுத்தில் ‘ilai’ என்று அடித்தார். வாழை இலைச் சாப்பாடு வரிசையாக வந்து நின்றது. ‘izhai’ என்று எழுத வேண்டும் என்றேன். “அது எனக்கு எப்படிமா தெரியும்?” என்றார் சாதாரணமாக. எனக்குத்தான் முகம் சுருங்கியது.

‘காஞ்சி பட்டு’ என்று ஆரம்பிக்கிற பேர்களைத் தேடினோம். கடைகளாகவே வந்தன. ‘பட்டுப்புடவை பராமரிப்பு’ என்று வைக்கலாமா என்றேன்.

“அத ஒவ்வொரு வீடியோ தலைப்புலயும் போட்டுக்கலாம் அண்ணி. பட்டுல எண்ணெய்க் கறை எடுப்பது எப்படின்னு ஜனங்க தேடுற வார்த்தையாவே போடலாம். சேனல் பேரு மனசுல நிக்கணும். நாளைக்கு காட்டன் புடவை, குழந்தைங்க துணி எல்லாம் போடுவோம். அப்ப பட்டுன்னு வச்சிக்கினு முழிக்கக் கூடாது.”

எடுத்த வீடியோக்களை அந்த வாடிக்கையாளருக்குப் போட்டுக் காட்டினோம். மூன்றிலும் நான் பீரோவைத் திறக்கிறேன், அவள் “அண்ணி, இத எப்படி மடிக்கிறது?” என்று கேட்கிறாள். பார்த்து முடித்ததும் அவர், “எங்க அக்காவுக்கும் அனுப்புங்கமா, இந்த அண்ணி பீரோ வீடியோவ” என்றார்.

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவரையே ‘அண்ணி பீரோ’ என்று தேடச் சொன்னோம். ‘anni beero’ என்று அடித்தார். அந்தப் பேரில் வேறு யாரும் இல்லை. வீடியோ போடுகிற மற்ற ஆப்களில் தேடிப் பார்த்தோம், அங்கேயும் அந்தப் பேரை யாரும் எடுத்திருக்கவில்லை. எல்லாவற்றிலும் ஒரே எழுத்தில் பதிவு செய்தோம். ‘bero’, ‘bureau’ என்று அடிப்பவர்களுக்காக அந்த எழுத்துகளையும் விவரப் பகுதியில் நாத்தனார் சேர்த்தாள்.

எனக்கு ஒரு உறுத்தல் இருந்தது. “இதுல நீ எங்க இருக்க?”

“உங்கள அண்ணின்னு கூப்பிடறது யாரு? நான்தானே.”

பதிவு செய்த பிறகும் ‘இழை’யை மறக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. சென்ற மாதம் காட்டன் புடவைக்குக் கஞ்சி போடுவதை வீடியோ எடுத்தோம். பேரை மாற்ற வேண்டியிருக்கவில்லை. இப்போது தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் வாசலில் நின்று, “அண்ணி பீரோ வீடு இதானே?” என்று கேட்கிறார்கள்.