கறுத்துப்போன டெபாசிட் ரசீது

தாராவியில் நான் தையல் கடைக்கு வாடகைக்கு எடுத்த அறையில், முன்பு இருந்தவர் பில் கட்டாததால் கரண்டை வெட்டியிருந்தார்கள். பழைய பாக்கியை வீட்டுக்காரர் தீர்த்துவிட்டார். என் பெயருக்கு மாற்றியபோது வந்த பில்லிலோ டெபாசிட்டும் ரீகனெக்‌ஷன் சார்ஜும் சேர்ந்திருந்தன. மனைவியின் சீட்டுப் பணத்தில் கட்டினேன். “அத்தனையும் திரும்ப வந்துரும்” என்று அவளிடம் வாய் கூசாமல் சொல்லியும் வைத்தேன்.

ரசீது பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷனுக்குக் கொடுத்தேன். எங்கள் தெருவில் ரேஷன் கார்டு முதல் பிள்ளையின் மார்க் ஷீட் வரை எதுவும் இதற்குத் தப்பாது. மெஷின் சூட்டில் அந்த வழவழப்பான ரசீது கன்னங்கரேலென்று வெளியே வந்தது. என் முகமும் அதே நிறத்தில் இருந்திருக்கும். கரண்ட் ஆபீஸுக்கு ஓடினேன்.

கவுண்டரில் இருந்த தமிழ்ப் பெண் சிரித்துவிட்டார்.

“பதறாதீங்க அண்ணாச்சி. டெபாசிட் உங்க கன்ஸ்யூமர் நம்பர்ல பதிவாயிருக்கு, மாசாமாசம் பில்லுலயும் வரும். கனெக்‌ஷனை சரண்டர் பண்ணும்போது பாக்கி இருந்தா கழிச்சுட்டுத் தருவாங்க.”

“ரீகனெக்‌ஷனுக்குக் கட்டினது?”

“அது லைன் போட்டதுக்கான சார்ஜ். திரும்ப வராது.”

வீட்டில் உண்மையைச் சொன்னேன்.

“அப்ப டெபாசிட்டு எப்பம் வரும்?” என்றாள்.

“கடையை மூடும்போது.”

“அப்ப அது வரவே வேண்டாம். மத்ததை நீங்க தச்சுத் தாங்க. நாளைக்கே ஆரம்பிங்க.”