பொறுப்பாளர் என்ற கட்டம்

சிவப்புப் பேனா இல்லாமல் எனக்குச் சுற்றறிக்கை வாசிக்க வராது. கட்டாயம் செய்தாக வேண்டும் என்று இருக்கிற இடமெல்லாம் சிவப்புக் கோடு. செய்யலாம் என்று இருந்தால் பென்சில் கோடு. மீதியெல்லாம் முன்னுரையும் மிரட்டலும்தான், அதற்கு மை வீணாக்குவதில்லை. போடியில் ஏலக்காய் வாங்கி, தரம் பிரித்து, வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஒரு ஸ்டோரில் ஏற்றுமதிக் காகிதங்கள் பார்ப்பது என் வேலை. காகிதம் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு என்று வீட்டிலும் சொல்வார்கள், ஸ்டோரிலும் சொல்வார்கள்.

ஏற்றுமதி உரிமம் தரும் வாரியம் அனுப்பிய அந்தச் சுற்றறிக்கை ஐந்து பக்கம். ஏலக்காயில் சாயம் ஏற்றுவதையும் பூச்சிமருந்து எச்சம் தங்குவதையும் தடுக்க வந்தது. உரிமத்துக்காக எப்போதோ கொடுத்து வைத்த மின்னஞ்சலுக்குத்தான் அனுப்பியிருந்தார்கள். அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. நான் தற்செயலாகத் திறந்தபோது பத்து நாள் ஓடியிருந்தது. முப்பது நாள் அவகாசம் என்று போட்டிருந்தது, ஆனால் அந்த முப்பது நம் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து அல்ல, அவர்கள் வெளியிட்ட நாளிலிருந்து. ஆக மிச்சம் இருபது. அதிலும் ஞாயிற்றுக்கிழமைகளும் ஒரு திருவிழாவும் போக, வேலை நாள் பதினாறுதான் தேறியது.

சிவப்புக் கோடு விழுந்த இடம் ஏழு. வந்து இறங்கும் ஒவ்வொரு லாட்டுக்கும் எண் கொடுத்து, எந்தத் தோட்டம், எந்தத் தேதி என்று பதிய வேண்டும். ஒன்றோடொன்று கலக்கும் முன் மாதிரி எடுக்க வேண்டும். மாதிரியில் ஒரு பங்கு ஆய்வகத்துக்கு, ஒரு பங்கு முத்திரையிட்டு இங்கேயே. முடிவு வரும்வரை சரக்கு வெளியே போகக் கூடாது. சந்தேக லாட்டைத் தனியாக வைக்க வேண்டும். பதிவேடுகளைப் பத்திரப்படுத்த வேண்டும். கடைசியாக, இதற்கெல்லாம் பயிற்சி பெற்ற ஒரு பொறுப்பாளரை எழுத்தில் நியமித்து, முப்பது நாளுக்குள் இணையத்தில் தெரிவிக்க வேண்டும்.

நான் அட்டவணை போட்டேன். என்ன வேலை, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள், செய்ததற்கு என்ன சான்று. ஒரு வரியில் ஒரே வேலை. 'பதிந்து அனுப்புதல்' என்று எழுதினால் பதிந்தவர் வேறு, அனுப்பாதவர் வேறு என்று ஆகிவிடும், அதனால் இரண்டு வரி. தேதிகளைப் பின்னாலிருந்து முன்னால் எண்ணினேன். கடைசி நாளில் இணையத்தில் ஏற்ற வேண்டுமென்றால் அதற்கு இரண்டு நாள் முன்பே நியமனக் கடிதம் கையெழுத்தாக வேண்டும். அதற்கு முன்பே பயிற்சி முடிய வேண்டும். ஏழு கோடுகள் பதினோரு வரியாக விரிந்தன. பார்க்கப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

'யார் பொறுப்பு' என்ற கட்டத்தில் பெயர் எழுதக் கூடாது, பதவிதான் எழுத வேண்டும். ஆள் மாறினாலும் வேலை மாறக் கூடாது அல்லவா. எங்கள் உரிமக் காகிதத்தில் 'தர மேலாளர்' என்று ஒரு பதவி இருந்தது. நானும் யோசிக்காமல் பதினோரு வரியில் ஒன்பதுக்கு அதையே போட்டுவிட்டேன். முதலாளி மேலோட்டமாகப் பார்த்து, ஜோராக இருக்கிறது தாயி என்றார்.

பிறகு அதைத் தரம் பிரிக்கும் கூடத்துக்குக் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். முப்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய் பொறுக்கும் இடம் அது. அவர்களை மேய்ப்பது ஓர் அக்கா. ராசிங்காபுரத்திலிருந்து காலை பஸ்ஸில் வருகிறவர், எனக்குப் பத்து வயது மூத்தவர். சல்லடையில் போடும் முன்பே இது எட்டு மில்லி, இது ஏழு என்று காயின் பருமனைச் சொல்லிவிடுவார். ஈரத் துணியில் காயைத் தேய்த்துச் சாயம் இருக்கிறதா என்று பார்ப்பவரும் அவர்தான். ஆனால் அவருக்குப் பதவி என்று எதுவும் கிடையாது. ஏட்டில் தினக்கூலி, அவ்வளவுதான்.

நான் வாசித்து முடித்ததும் அக்கா நிதானமாகக் கேட்டார்.

"லாட்டு எறங்குன அன்னைக்கே தர மேலாளரு மாதிரி எடுக்கணும்னு போட்டிருக்கியே ஆத்தா. அவுக பொங்கலுக்குத்தானே வருவாக?"

கூடமே சிரித்தது. தர மேலாளர் என்பது முதலாளியின் மருமகன். உரிமம் வாங்கும்போது படித்தவர் ஒருவர் வேண்டும் என்று அவர் பெயரை எழுதியிருந்தார்கள். அவர் சென்னையில் வேறு ஏதோ கம்பெனியில் இருக்கிறார். நல்ல பிள்ளை, பொங்கலுக்கு வந்தால் எல்லாருக்கும் இனிப்பு வாங்கி வருவார். இது எனக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும், வாசலில் லோடு இறக்குகிறவர்களுக்கும் தெரியும். அப்படியிருந்தும் ஒன்பது வேலையை அவர் தலையில் கட்டி, தேதி வேறு போட்டு, பெருமையும் பட்டிருக்கிறேன். எனக்கு முகம் எரிந்தது. அட்டவணையை மடித்துக்கொண்டு மாடியில் இருக்கும் என் மேசைக்கு வந்துவிட்டேன்.

கோபம் தணிய அரை மணி நேரம் ஆயிற்று. அப்புறம் வேறொரு தாளில், இந்த ஒன்பது வேலைகளில் எதை இப்போது யார் செய்கிறார்கள் என்று மட்டும் எழுதினேன். இரண்டுக்கு லோடு இறக்கும் பொறுப்புள்ள அண்ணன். மீதி ஏழும் அக்கா. இருபது வருடமாக அக்காதான். நாங்கள் யாரும் அதை எங்கும் எழுதியதில்லை, அதுதான் குறை.

மறுநாள் அக்காவிடம், தரம் பிரிக்கும் கூடத்துக்கு 'கூடப் பொறுப்பாளர்' என்று ஒரு பதவி போடலாமா என்று கேட்டபோது, அவர் சந்தோஷப்படுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவரோ தலையை ஆட்டினார். இப்போது தப்பு நடந்தால் யார் தப்பு என்று யாருக்கும் தெரியாமல் போகிறது. எழுத்தில் வந்துவிட்டால் சோதனைக்கு மேலே இருந்து வருகிறவன் நேரே தன்னிடம்தான் வருவான். அப்போது தினக்கூலிக்காரி என்ன பதில் சொல்வது என்று கேட்டார். நியாயமான கேள்வி.

காய் பொறுக்கிக்கொண்டே அவரே சொன்னார்.

"பொறுப்பு எனக்குன்னா, நிறுத்துற அதிகாரமும் எனக்கு வேணும். நான் வேண்டாம்னு சொன்ன லாட்டை வேற யாரும் வண்டியில ஏத்தப்படாது. அதையும் அந்தத் தாளுல எழுது. எழுதுனா கையெழுத்துப் போடுறேன்."

என் சிவப்புக் கோடுகளில் இது இருந்தது. 'சரக்கு வெளியே போகக் கூடாது' என்ற வரி. ஆனால் யார் சொன்னால் போகக் கூடாது என்று நான் யோசிக்கவே இல்லை. பன்னிரண்டாவது வரியாக எழுதினேன்: லாட்டை நிறுத்திவைப்பதும் விடுவிப்பதும், கூடப் பொறுப்பாளர்; சான்று, கையெழுத்திட்ட சீட்டு. கூடவே அவரை மாதச் சம்பளத்துக்கு மாற்றும் ஒரு வரியையும் நியமனக் கடிதத்தில் சேர்த்தேன். அது சுற்றறிக்கையில் இல்லை. என் திமிரில் சேர்த்தது.

முதலாளிக்குப் பன்னிரண்டாவது வரிதான் தொண்டையில் சிக்கியது. நம்ம கூடத்துப் பிள்ளைக்கு எதற்கு எழுத்து, வாயால் சொன்னால் போதாதா என்றார். வாயால் சொன்னதை இணையத்தில் ஏற்ற முடியாது என்றேன். இரண்டு நாள் கையில் வைத்திருந்தார். மூன்றாம் நாள், தேதி நெருங்குகிறதே என்று நான் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்த பிறகு கையெழுத்துப் போட்டார். அக்கா தேனிக்குப் போய் ஒரு நாள் பயிற்சி முடித்துச் சான்றிதழோடு வந்திருந்தார். கடைசி நாளுக்கு ஒரு நாள் முன்பே இணையத்தில் ஏற்றிவிட்டேன்.

ஆனால் அந்தக் கையெழுத்து வெறும் காகிதம்தானா என்பது மூன்று வாரம் கழித்துத்தான் தெரிய வந்தது.

அன்று போடிமெட்டுக்கு மேலே இருக்கும் ஒரு தோட்டத்திலிருந்து ஜீப்பில் நாலைந்து நடையாக லாட்டு வந்தது. தோட்டம் முதலாளியின் மச்சானுடையது. காய் பச்சைப் பசேல் என்று ஒரே சீராக இருந்தது. அக்கா மேல் சாக்கு, நடுச் சாக்கு, அடிச் சாக்கு என்று மாதிரி எடுத்து, ஈரத் துணியில் தேய்த்துப் பார்த்தார். துணியில் நிறம் பிடித்தது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. கொச்சி ஆய்வகத்துக்கு மாதிரியை அனுப்பிவிட்டு, சாக்குகளைச் சுவரோரம் ஒதுக்கி, 'நிறுத்தம்' என்று சீட்டு எழுதி ஒட்டினார்.

முடிவு வருவதற்குள் லாரி வந்து நின்றது. மச்சான் இரண்டு முறை போன் செய்தார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, போய்ச் சொல்லிப் பார் தாயி என்றார். நான் போய் நின்றேன். சீட்டைப் படித்துப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டேன். அந்த வரியை எழுதியவளே நான்தானே. முதலாளி தானே இறங்கி அக்காவிடம் வந்தார்.

"நம்ம மச்சான் தோட்டத்துக் காயி. தெரியும்ல?"

"தெரியும் அண்ணே. முடிவு வரட்டும், நானே வெரசா ஏத்திவிடுறேன்."

அவர் சீட்டைக் குனிந்து பார்த்தார். அதில் இருந்தது அவர் கையெழுத்தும் இல்லை, என் கையெழுத்தும் இல்லை, அக்காவுடையது மட்டும். மற்ற லாட்டுகளை மட்டும் ஏற்றச் சொல்லிவிட்டு மேலே போனார். லாரி பாதி காலியாகப் போனது. எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம்.

ஆறாம் நாள் முடிவு வந்தது. சாயம் இல்லை. மருந்து எச்சமும் அளவுக்குள்தான். சுத்தமான காய்.

அக்கா விடுவிப்புச் சீட்டில் கையெழுத்துப் போட்டார். பிறகு கை கழுவிக்கொண்டு, நியமனக் கடிதத்தை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். அரை லாரிச் சரக்கை ஒன்றுமில்லாததற்குக் கிடத்திப் போட்டுவிட்டேன், இந்தச் சோலிக்கு நான் லாயக்கு இல்லை என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. முடிவு வரும்வரை நிறுத்து என்றுதான் வரி இருக்கிறது, முடிவு மோசமாக இருந்தால் மட்டும் நிறுத்து என்று எங்கே இருக்கிறது என்று அட்டவணையை அவர் முன்னால் விரித்தேன். அவர் அதைப் பார்க்கவில்லை. கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு நின்றார்.

அப்போது முதலாளி உள்ளே வந்தார். ஆய்வக முடிவு அவருக்கும் போயிருந்தது. மேசை மேல் கிடந்த கடிதத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். ஏதாவது சொல்லப்போகிறார் என்று நான் எழுந்து நின்றேன்.

"கீழ அடுத்த லாட்டு எறங்கிருச்சு," என்றார். "நீங்க மாதிரி எடுக்காம யாரும் சாக்கைத் தொடப்படாதுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். இங்க நின்னு என்ன செய்யுறீக?"

அக்கா கடிதத்தை எடுத்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு படி இறங்கினார்.